கம்யூடேஷன் எடுத்து ஆன்யுட்டில போடலாமா?

கேள்வி: அண்ணே, எங்கப்பா பெரம்பூர் ஐசிஎஃப்ல அடுத்த மாசம் ரிடையர் ஆவுறாரு, வயசு 60, பழைய பென்ஷன்தான். கடைசி பேசிக் 60,000, பென்ஷன் 30,000 வரும்னாங்க. கம்யூடேஷன், அதாவது பென்ஷன்ல ஒரு பங்க முன்னாடியே மொத்தமா எடுத்தா டேக்ஸ் இல்ல, அத ஆன்யுட்டின்னு இன்சூரன்ஸ் கம்பெனி பென்ஷன் பிளான்ல போட்டா ஆயுசுக்கும் பென்ஷன்னு ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து உக்காந்துக்கினு சொல்றாரு. எடுக்கலாமா?
– வியாசர்பாடி

பதில்: தம்பி, ஏஜென்ட் சொன்னதுல முதல் பாதி சரி. சென்ட்ரல் கவர்மென்ட்ல பென்ஷன்ல 40 பர்சென்ட் வரைக்கும் கம்யூட் பண்ணலாம், அப்பாவுக்கு அது மாசம் 12,000. 60ல ரிடையர் ஆனா, வயச வச்சு பெருக்கற ஃபேக்டர் 8.194, அதனால 12,000 x 12 x 8.194, கைக்கு 11,79,936 ரூபா வரும், ஒரு பைசா டேக்ஸ் இல்ல. (பிரைவேட் கம்பெனில கிராச்சுட்டியும் வாங்கினவங்களுக்கு மூணுல ஒரு பங்குதான் ஃப்ரீ, அது வேற கதை.)

ஆனா அந்த 12,000 பதினஞ்சு வருஷம் பென்ஷன்ல பிடிப்பாங்க, அப்புறம்தான் முழு பென்ஷன் திரும்ப வரும். மொத்தம் 21,60,000 போவுது, வட்டியா பாத்தா வருஷத்துக்கு சுமார் 9 பர்சென்ட்டுக்கு கடன் வாங்கின மாதிரி. டிஏ மட்டும் முழு 30,000க்கும் கணக்கு போட்டுத்தான் வரும், அதுல குறையாது.

இப்ப அந்தப் பணத்த ஆன்யுட்டில போடு, போட்ட முதல் பின்னாடி குடும்பத்துக்கு திரும்பி வர்ற பிளான்ல ஆறரை பர்சென்ட்னு வச்சுக்க, மாசம் 6,400 கிட்ட வரும். 12,000த்த விட்டுட்டு 6,400 வாங்கறது, ஒன்பது வட்டிக்கு வாங்கி ஆறரைக்கு விடற வேலை. அதோட ஆன்யுட்டி வருமானம் முழுசும் டேக்ஸ் கணக்குல சேரும், பென்ஷனுக்கு இருக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் இதுக்கு கிடையாது.

டேக்ஸ் மிச்சம்னு சொல்றாங்களே, அது அப்பாவுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. நியூ ரெஜிம்ல 2025-26ல இருந்து 12 லட்சம் வரைக்கும் ரிபேட்ல டேக்ஸ் ஜீரோ, பென்ஷன்காரருக்கு மேல 75,000 டிடக்‌ஷன். அவர் முழு பென்ஷன் டிஏவோட வாங்கினாலும் அந்த எல்லைக்கு கிட்டகூட போமாட்டாரு, வேற பெரிய வருமானம் இல்லன்னா.

அப்ப யாருக்கு கம்யூடேஷன் லாபம்னா, தங்கச்சி கல்யாணத்துக்கோ வீடு கட்டவோ 14, 18 வட்டிக்கு வாங்கி இருந்தா, அத அடைக்க எடுக்கலாம். இன்னொண்ணு, நடுவுல அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா மீதி பிடித்தம் அதோட முடிஞ்சிடும், அம்மாவோட ஃபேமிலி பென்ஷன்ல கை வைக்க மாட்டாங்க. உடம்பு சரியில்லாதவருக்கு இது நல்ல விஷயம்தான். ரிடையர் ஆயி ஒரு வருஷத்துக்குள்ள கேட்டா மெடிக்கல் டெஸ்ட் கிடையாது, அதனால கையெழுத்துக்கு அவசரப்பட வேணாம்.

எடுத்தா ஒண்ணு மட்டும் பாத்துக்கோ. என் மச்சானுக்கு பேங்க்ல பிடித்தம் போவாத முழு பென்ஷனையே வருமானம்னு காட்டி வச்சிட்டாங்க. பிபிஓங்கற பென்ஷன் ஆர்டர்ல இருக்கற கம்யூடேஷன் தொகைய கழிச்சி காட்டியிருக்காங்களான்னு வருஷா வருஷம் டிடிஎஸ் சர்ட்டிபிகேட்ட வாங்கி பாரு.