11-ஆல் பெருக்கும்போது விடை எகிறுவது ஏன்?

“பரவை மார்க்கெட்ல வெங்காயம் கிலோ 78. பதினோரு கிலோவுக்கு 7-ஐயும் 8-ஐயும் கூட்டி வர்ற 15-ஐ அதுங்க நடுவுல வச்சா 7158 வருது. 23-க்கு 253-னு சரியா வந்துச்சே?”

858 ரூபாய். நடுவில் ஒரு இலக்கத்துக்குத்தான் இடம். 15-ல் 5 மட்டும் அங்கே நிற்கும், 1 இடப்பக்கம் ஏறி 7-ஐ 8 ஆக்கும்.

23-ல் 2+3=5 என்று ஒற்றை இலக்கமாக வந்ததால் தப்பித்தீர்கள். இந்த வழியே 780-ஐயும் 78-ஐயும் கூட்டுவதுதான். பத்தாம் இடத்தில் 8+7 சேர்கிறது. அதனால் வலமிருந்து ஆரம்பியுங்கள்: 8, பிறகு 15-க்கு 5, மிச்சம் 1, கடைசியில் 7+1. கடைக்காரர் பில் போடுவதற்குள் முடிந்துவிடும்.

சரிபார்க்க, விடையின் ஓர இலக்கங்களைக் கூட்டி நடு இலக்கத்தைக் கழியுங்கள்: 8+8-5=11. பூஜ்யமோ பதினொன்றோ வந்தால் 11-ன் மடங்கு. ஏறும் 1-ஐ மறந்து 758 என்றால் 10 வரும், உடனே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் விலையையே 79 என்று தவறாகக் கேட்டிருந்தால் 869 வரும், அதுவும் இந்தச் சோதனையில் தேறிவிடும். விலையை ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஐந்தில் முடியும் எண்ணின் வர்க்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. 75-க்கு, 7-ஐ அதன் அடுத்த எண்ணால் பெருக்க 7×8=56, பின்னால் 25, ஆக 5625. அந்த 25 எப்போதும் இரண்டே இலக்கம், எதுவும் ஏறாது.