டி டெஸ்டும் டம்மி மாறியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் புள்ளியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக எங்கள் ஊர்ப் பக்கம் பத்து மல்லிகைத் தோட்டங்களில் பத்துப் பத்து சென்ட் அளந்து, சித்திரையில் ஒரு வாரம் பறித்த பூவை எடை போட்டேன். கிணற்றுத் தண்ணீரை வாய்க்காலில் பாய்ச்சும் ஆறு தோட்டங்களில் 10, 12, 11, 13, 14, 12 கிலோ. சொட்டுநீர் போட்ட நான்கில் 13, 19, 15, 17 கிலோ. இரண்டு குழுவுக்கு டி டெஸ்ட் போட்டாலும், 0, 1 என்று டம்மி மாறி வைத்து ரெக்ரஷன் போட்டாலும் ஒரே விடைதான் வரும் என்கிறார் கைடு மேடம். எனக்கு வரவில்லை. ஆரில் t.test கொடுத்த டி மதிப்பு −2.83, பி மதிப்பு 0.045. lm கொடுத்தது 3.2, பி 0.013. எங்கே தப்பு செய்தேன்? ஒரே விடை ஏன் வர வேண்டும் என்பதும் எனக்குப் பிடிபடவில்லை.

ம., உசிலம்பட்டி

அன்புள்ள ம.,

நீங்கள் தப்பு செய்யவில்லை. மேடம் சொன்னதும் சரி. அவர் மனதில் இருக்கும் டி டெஸ்ட் வேறு, ஆர் உங்களுக்குப் போட்டுக் கொடுத்த டி டெஸ்ட் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன். ஒரே விடை ஏன் வர வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். உங்கள் எண்கள் கையால் போடத் தோதானவை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

ரெக்ரஷனில் நாம் தேடுவது a + bx என்ற ஒரு கோடு. ஒவ்வொரு தோட்டத்தின் எடையும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அதை வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை, முடிந்தவரை சிறியதாக இருக்க வேண்டும். உங்கள் x இரண்டே மதிப்புகளை எடுக்கிறது. வாய்க்கால் தோட்டத்துக்கு x = 0, ஆகவே அந்த ஆறுக்கும் கோடு சொல்லும் எடை a. சொட்டுநீர்த் தோட்டத்துக்கு x = 1, ஆகவே அந்த நான்குக்கும் a + b. நாம் தேர்ந்தெடுப்பது ஒன்றையொன்று தொடாத இரண்டு எண்களைத்தான். ஆறு தோட்டங்களுக்கு ஓர் எண், நான்கு தோட்டங்களுக்கு இன்னோர் எண். சில எண்களிலிருந்து வர்க்க விலகல் மிகக் குறைவாக உள்ள ஒற்றை எண் அவற்றின் சராசரி. வாய்க்காலின் சராசரி 12, சொட்டுநீரின் சராசரி 16. ஆகவே a = 12, a + b = 16, b = 4. சாய்வு என்று ஆர் அச்சிடுவது இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைத்தான்.

கோடு நேராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கே எதையும் தடுக்கவில்லை, ஏனென்றால் எந்த இரண்டு புள்ளிகள் வழியாகவும் ஒரு நேர்கோடு போகும். பாசன முறை மூன்றாக இருந்து, நீங்கள் 0, 1, 2 என்று எண் கொடுத்திருந்தால் இது உடைந்துபோகும். முதல் படியும் இரண்டாம் படியும் ஒரே உயரம் என்று அந்தக் கோடு பிடிவாதம் பிடிக்கும். மூன்று குழுக்களுக்கு இரண்டு டம்மி மாறிகள் வேண்டும் என்று பாடத்தில் சொல்வது இதனால்தான்.

வித்தியாசம் ஒன்று என்பதோடு வேலை முடியவில்லை. டி மதிப்பு என்பது வித்தியாசத்தைத் திட்டப்பிழையால் வகுத்தது. திட்டப்பிழையும் ஒன்றாக வந்தால்தான் மேடம் சொன்னது நிற்கும்.

கோடு இரண்டு சராசரிகளிலும் போகிறது என்பதால், ஒரு தோட்டத்தின் எச்சம் என்பது அது தன் குழுச் சராசரியிலிருந்து விலகிய அளவுதான். வாய்க்கால் தோட்டங்களின் எச்ச வர்க்கங்களைக் கூட்டினால் 10, சொட்டுநீரில் 20, மொத்தம் 30. பத்து தோட்டங்களிலிருந்து a, b இரண்டையும் கணக்கிட்டுவிட்டதால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 8. 30-ஐ 8-ஆல் வகுத்தால் 3.75. பழைய டி டெஸ்டில் இரண்டு குழுக்களையும் சேர்த்து ஒரே மாறுபாடு கணக்கிடுகிறோமே, அதன் சூத்திரத்தில் எண்களைப் போடுங்கள். மேலே அதே 30, கீழே (6 − 1) + (4 − 1) = 8.

அடுத்து, சாய்வின் திட்டப்பிழைக்கு 3.75-ஐ x-இன் விலகல் வர்க்கத் தொகையால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். x-இன் சராசரி 0.4. ஆறு பூஜ்யங்கள் ஒவ்வொன்றும் 0.16 தருகின்றன, நான்கு ஒன்றுகள் ஒவ்வொன்றும் 0.36. மொத்தம் 2.4. டி டெஸ்ட் இந்த இடத்தில் 3.75-ஐ (1/6 + 1/4)-ஆல் பெருக்குகிறது. 1/6 + 1/4 என்பது 10/24. 2.4-ஐத் தலைகீழாக்கினால் அதே 10/24. எனக்கு மிகப் பிடித்த இடம் இது. இரண்டு பாடங்களில் தனித்தனியாக மனப்பாடம் செய்யும் இரண்டு சூத்திரங்கள் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. இது உங்கள் எண்களின் அதிர்ஷ்டமும் இல்லை. குழுக்களின் அளவு எதுவானாலும் 0, 1 மாறியின் விலகல் வர்க்கத் தொகை, இரண்டு அளவுகளின் பெருக்கலை மொத்தத்தால் வகுத்ததாகவே இருக்கும். திட்டப்பிழை 1.25, டி மதிப்பு 4 / 1.25 = 3.2.

ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில் எழுதிய காசெட் 1908-இல் ஒரே ஒரு சராசரியை மனதில் வைத்துத்தான் இந்தக் கணக்கைத் தொடங்கினார். அதை இரண்டு சராசரிகளின் வித்தியாசத்துக்கும் ரெக்ரஷன் சாய்வுக்கும் 1920-களில் நீட்டியவர் ஃபிஷர். தொடக்கத்திலேயே ஒரு குடும்பமாக இருந்தவற்றைப் பாடப்புத்தகங்கள் வேறு வேறு அத்தியாயங்களில் வைத்துவிட்டன.

இனி உங்கள் திரையில் வந்ததைப் பார்ப்போம்.

```
poo   <- c(10,12,11,13,14,12, 13,19,15,17)
sottu <- c(0,0,0,0,0,0, 1,1,1,1)
t.test(poo ~ sottu)
t.test(poo ~ sottu, var.equal = TRUE)
summary(lm(poo ~ sottu))
```

குறி மாறியது சின்ன விஷயம். t.test முதல் குழுவிலிருந்து இரண்டாம் குழுவைக் கழிக்கிறது, அதாவது 12 − 16. lm கொடுப்பது 1 என்ற குழுவிலிருந்து 0 என்ற குழுவைக் கழித்தது. நான்காவது வரியை ஓட்டினால் −3.2 வரும், ஐந்தாவது வரியில் 3.2. இரண்டிலும் பி மதிப்பு 0.0126, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 8. மேடம் சொன்ன சமத்துவம் இதுதான்.

நீங்கள் ஓட்டியது மூன்றாவது வரி. var.equal என்று எதுவும் சொல்லாவிட்டால் ஆர் தானாகவே வெல்ச் முறைக்குப் போய்விடும். அந்த முறை இரண்டு குழுக்களின் மாறுபாடும் சமம் என்று எடுத்துக்கொள்வதில்லை. வாய்க்கால் குழுவின் மாறுபாடு 10/5 = 2, சொட்டுநீரில் 20/3 = 6.67. ஒவ்வொன்றையும் அதனதன் எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டினால் 0.33 + 1.67 = 2. திட்டப்பிழை 1.414, டி 2.83, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 4.2 அளவுக்கு இறங்கிவிடுகிறது. வெளியீட்டின் தலைப்பில் Welch என்ற பெயர் இருக்கிறதா, df பின்னமாக வந்திருக்கிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஆக சாதாரண lm, எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே மாறுபாடு என்ற அனுமானத்தை உள்ளே வைத்திருக்கிறது. அந்த அனுமானத்தோடு போடும் டி டெஸ்டுக்குத்தான் அது சமம்.

உங்கள் தரவில் இது வெறும் நுணுக்கம் இல்லை. சின்னக் குழுவான சொட்டுநீரில்தான் சிதறல் அதிகம். சேர்த்துக் கணக்கிட்ட 3.75-இல் பெரிய குழுவின் குரல் ஓங்கிவிடுகிறது. அதனால் நான்கே தோட்டங்களின் சராசரியை உண்மையில் நம்பக்கூடியதைவிட அதிகமாக நம்புகிறோம், திட்டப்பிழை குறைவாக வருகிறது, பி மதிப்பு நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறது. பெரிய குழுவில் சிதறல் அதிகமாக இருந்தால் நடப்பது இதற்கு நேர் எதிர். இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து தோட்டங்கள் எடுத்திருந்தால் இரண்டு முறைகளின் டி மதிப்பும் ஒன்றாகவே வந்திருக்கும், டிகிரி ஆஃப் ஃப்ரீடம் மட்டும் மாறும். அடுத்த முறை தோட்டம் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்காதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் வெல்ச் விடையைத்தான் அறிக்கையில் எழுதுவேன். மாறுபாடு சமமா என்று முதலில் ஒரு சோதனை போட்டுவிட்டு அதன்படி முறையைத் தேர்ந்தெடுப்பது பலரிடம் உள்ள பழக்கம். நான்கு தோட்டங்களை வைத்துக்கொண்டு அந்தச் சோதனையால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

வெல்சுக்கும் ரெக்ரஷனில் ஓர் இணை உண்டு. எல்லா எச்சங்களையும் ஒரே மாறுபாட்டில் கலக்காமல், ஒவ்வோர் எச்சத்தின் வர்க்கத்தையும் தனியாக எடுத்து, குழு அளவுக்கு ஏற்பச் சற்றுப் பெருக்கிக் கணக்கிடும் HC2 என்ற திட்டப்பிழை அது.

```
library(sandwich); library(lmtest)
m <- lm(poo ~ sottu)
coeftest(m, vcov. = vcovHC(m, type = "HC2"))
```

திட்டப்பிழை மிகச் சரியாக 1.414 வரும், டி மதிப்பு 2.83. ஆனால் பி மதிப்பு 0.022 என்று வரும், 0.045 அல்ல. coeftest இங்கே டிகிரி ஆஃப் ஃப்ரீடமை 8 என்றே வைத்துக்கொள்வதுதான் காரணம். type சொல்லாமல் விட்டால் HC3 வந்துவிடும், அப்போது திட்டப்பிழையும் பொருந்தாது.

இன்னொன்று. குழுக்களுக்கு 1, 2 என்று எண் கொடுக்கும் பழக்கம் நம் துறைகளில் நிறைய. அப்படிக் கொடுத்தாலும் சாய்வு 4, டி 3.2 மாறாது. a மட்டும் 8 ஆகிவிடும். அது எந்தத் தோட்டத்தின் சராசரியும் இல்லை. 0, 1 என்று இருக்கும்போதுகூட a-க்கு எதிரே வரும் டி மதிப்பு, வாய்க்கால் தோட்டத்தில் பூவே பூக்காது என்ற கருதுகோளைத்தான் சோதிக்கிறது. அதை அறிக்கையில் எழுத வேண்டாம்.

இரண்டும் ஒன்று என்றால் ரெக்ரஷன் எதற்கு என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். செடியின் வயதை இன்னொரு மாறியாக அதே வரியில் சேர்க்க முடியும் என்பதற்காக. சேர்த்த உடனே b இரண்டு சராசரிகளின் நேர் வித்தியாசமாக இருக்காது. ஒரே வயதுள்ள செடிகளுக்கு இடையே பாசனம் ஏற்படுத்தும் வித்தியாசம் என்று அதன் பொருள் மாறிவிடும்.

ஒரு விஷயம் கடிதத்தில் இல்லை. நான்கு சொட்டுநீர்த் தோட்டங்களும் நான்கு விவசாயிகளுடையவையா, அல்லது ஒரே விவசாயி நான்கு இடத்தில் போட்டதா? ஒருவருடையது என்றால் அவருடைய உரமும் கவாத்தும் பூப்பறிக்கும் ஆட்களும் அந்த நான்கிலும் பொதுவாக இருக்கும், பத்து தோட்டங்களும் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானம் போய்விடும். அப்போது −3.2, 3.2, −2.83 எல்லாமே நம்ப முடியாத எண்கள். மேடத்திடம் முதலில் இதைப் பேசுங்கள்.