ஆப்னியிலிருந்து துமிக்கு

“கொல்கத்தாப் பெண்ணும் நானும் வங்காளத்தில் பேசும்போது இன்னும் மரியாதையான ‘ஆப்னி’தான், அதாவது ‘நீங்கள்’. நெருக்கமான ‘நீ’யான ‘துமி’க்கு எப்படி மாறுவது? ‘துய்’ அதைவிட நெருக்கமா?”

முதலில் அவரிடமே கேளுங்கள்: “துமி போல்தே பாரி?” (துமி என்று சொல்லலாமா?). சம்மதித்தால் வினைமுற்றையும் சேர்த்து மாற்றுங்கள். “ஆப்னி கேமொன் ஆச்சேன்?” என்பது “துமி கேமொன் ஆச்சோ?” ஆகும். பலரும் சறுக்குவது இங்கேதான்: வாய் ‘துமி’ என்னும், பழக்கத்தில் ‘ஆச்சேன்’ ஒட்டிக்கொள்ளும், தயக்கம் உடனே தெரிந்துவிடும்.

மாறும் நாட்களில் வங்காளிகளே முன்னிலையைத் தவிர்ப்பார்கள்: “கொத்தாய் ஜாவா ஹொச்சே?” (எங்கே போவதாம்?). அழகான நழுவல் அது.

‘துய்’ அடுத்த படி அல்ல. அது பால்ய சினேகிதம், உடன்பிறப்புகளின் உரிமை. ‘துய்’ என்று பழகிய நண்பர்கள் காதலித்தால், பெரும்பாலும் ‘துமி’க்குத் திரும்புவார்கள். சண்டையில் திடீரென ‘ஆப்னி’ வந்தால் அது மரியாதை இல்லை, கோபம்.