ஐந்து ஃபண்ட் வைத்திருந்தால் ரிஸ்க் குறைந்துவிடுமா?

கேள்வி: “ஐந்து லார்ஜ் கேப் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போகிறது. பணத்தை நன்றாகப் பிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன், சரிதானா? ஸ்டாண்டர்ட் டீவியேஷன், கோரிலேஷன் என்கிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது?”

பெரிதாகப் பிரியவில்லை. நானும் இப்படி நான்கு ஃபண்ட் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கின் ஃபேக்ட்ஷீட்டையும் திறந்து, முதல் பத்துப் பங்குகளை ஒரே தாளில் எழுதினேன். எச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி, ரிலையன்ஸ் மூன்றும் நான்கிலுமே இருந்தன. செபி விதிப்படி லார்ஜ் கேப் ஃபண்ட் குறைந்தது 80 சதவீதத்தைச் சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களில் போட வேண்டும். எந்த ஃபண்ட் வாங்கினாலும் அதே குளத்து மீன்தான்.

ஸ்டாண்டர்ட் டீவியேஷன், பள்ளியில் படித்த திட்ட விலக்கம்தான். ஒரு ஃபண்டின் சராசரி வருட வருமானம் 12 சதவீதம், திட்ட விலக்கம் 20 என்றால், மூன்றில் இரண்டு வருடங்கள் மைனஸ் 8-க்கும் 32-க்கும் நடுவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். மீதி வருடங்களில்தான் வயிற்றைக் கலக்கும். 2008-இல் நிஃப்டி 50 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. இந்தக் கணக்குப்படி அது ஆயிரம் வருடத்தில் ஒரு முறைகூட நடக்கக் கூடாது.

கோரிலேஷன் (ஒட்டுறவு) என்பது இரண்டு முதலீடுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பது. 1 என்றால் ஒன்றாகவே ஏறி இறங்கும், 0 என்றால் தொடர்பில்லை. திட்ட விலக்கம் 20 உள்ள இரண்டு ஃபண்டில் பாதிப் பாதி போடுகிறீர்கள், ஒட்டுறவு 0.9 என்று வையுங்கள். மொத்தத்தின் திட்ட விலக்கம் 19.5. அரைப் புள்ளிதான் மிச்சம். அதற்குப் பதில் 60 சதவீதம் பங்கு, 40 சதவீதம் தங்கம். தங்கத்தின் திட்ட விலக்கம் 15, ஒட்டுறவு 0 என்று வைத்தால் 13.4 வருகிறது. சும்மா சராசரி போட்டால் 18 வந்திருக்கும்.

உங்கள் ஃபண்டுகளுக்கு நீங்களே போட்டுப் பார்க்கலாம். மூன்று வருட மாதக் கடைசி என்ஏவியை எடுத்து, முதலில் மாதா மாதம் எத்தனை சதவீதம் மாறியது என்று கணக்கிட்டு, எக்ஸெலில் ஒரு ஃபண்டின் மாற்றத்தை B பத்தியிலும் இன்னொன்றினுடையதை C பத்தியிலும் போடுங்கள். அப்புறம்:

```
=CORREL(B2:B37, C2:C37)
=STDEV.S(B2:B37)*SQRT(12)
```

என்ஏவியை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் வருடக்கணக்கில் ஏறியிருந்தால், தொடர்பே இல்லாதவைகூட 0.9 காட்டும்.

இன்னொன்று, ஒட்டுறவு நிலையானதல்ல. 2020 மார்ச்சில் பங்குகள் சரிந்தபோது, நடுவில் சில நாட்கள் தங்கமும் இறங்கியது. கையில் காசு வேண்டி எல்லோரும் கிடைத்ததை விற்றார்கள். அதனால் இரண்டு வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை, பிள்ளைகளின் ஃபீஸ் மாதிரி, நான் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது வங்கி எஃப்.டி.யில் இருக்கிறது.