ஸ்கியூ பூஜ்யம், ஹோல்ட் பிழை

வணக்கம். கிளாக் ட்ரீ கட்டி முடித்தாயிற்று. ரிப்போர்ட்டில் இரண்டு ஃபிளாப்புகளுக்கும் கிளாக் வந்து சேரும் நேரம் 500 பிகோசெகண்ட், ஸ்கியூ பூஜ்யம். ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் பாதையில் ஹோல்ட் 10 பிகோசெகண்ட் தவறுகிறது. கிளைகளை இன்னும் கச்சிதமாகச் சமப்படுத்தினால் சரியாகுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆகாது. ட்ரீயைச் சமப்படுத்துவதில் இனி உங்களுக்குக் கிடைக்க ஒன்றுமில்லை. அந்த 500 கணக்கில் வரும் எண். சிப்பில் ஒரே அளவில் வரைந்த இரண்டு பஃபர்கள்கூட ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. டிரான்சிஸ்டரின் சேனலில் எத்தனை டோப்பன்ட் அணுக்கள் விழுந்தன என்பது ஓரளவு அதிர்ஷ்டம். மெருகேற்றும்போது உலோகக் கம்பி ஓரிடத்தில் கொஞ்சம் மெலியும். வேலை அதிகம் நடக்கும் பக்கத்தில் மின்னழுத்தம் இறங்கும். அதனால்தான் டைமிங் டூல் ஒரு கிளையை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் வைத்துப் பார்க்கிறது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இந்த வேக வேறுபாடு கூட்டியும் குறைத்தும் 5 சதவீதம் என்று வையுங்கள். இரு கிளைகளும் வேரிலேயே பிரிந்தால், அனுப்பும் ஃபிளாப்புக்கு கிளாக் 475-இல் வரலாம், வாங்கும் ஃபிளாப்புக்கு 525-இல் வரலாம். இடைவெளி 50. டேட்டா வேகமாகப் போனால் 70 பிகோசெகண்டில் சேர்கிறது, ஹோல்ட் தேவை 30 என்றால் கையில் இருப்பது 40தான். அங்கேதான் உங்கள் 10 போகிறது. கிளாக்கை மெதுவாக்கியும் பயனில்லை. ஹோல்டுக்கும் கிளாக் காலத்துக்கும் சம்பந்தமில்லை.

இப்போது முதல் 400 பிகோசெகண்ட் இருவருக்கும் பொதுவான பாதை என்று மாற்றிப் பாருங்கள். ஒரே பஃபர் ஒரே விளிம்புக்கு வேகமாகவும் மெதுவாகவும் இருக்க முடியாது. பாதை பிரிந்த பிறகு வரும் 100-க்கு மட்டும்தான் அந்த வேறுபாடு: 95, 105. இடைவெளி 10 ஆகச் சுருங்கி, 30 மிச்சம் வருகிறது. வந்து சேரும் நேரம் இரண்டிலும் அதே 500தான், ஸ்கியூ அதே பூஜ்யம்தான்!

எனவே ஸ்கியூ வரியை விட்டுவிட்டு, பாதை ரிப்போர்ட்டில் `clock reconvergence pessimism` என்ற வரியைப் பாருங்கள். பொதுப் பாதைக்காக டூல் திருப்பித் தரும் தொகை அது. அங்கே பூஜ்யமோ மிகச் சிறிய எண்ணோ இருந்தால் இரு கிளைகளும் வேருக்கு அருகிலேயே பிரிந்திருக்கின்றன.

சமப்படுத்துவதற்காக ஒரு கிளையில் பஃபர் சேர்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தற்செயலான வேறுபாடுகள் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும் என்பது உண்மைதான். ஒவ்வொரு பஃபருக்கும் சிதறல் 2.5 என்றால் பத்துக்கு 25 ஆகாது, சுமார் 8தான். ஆனால் பஃபர் கூடக் கூட அந்த 8-உம் ஏறும், இறங்காது. மின்னழுத்த இறக்கம் மாதிரி ஒரு பக்கம் முழுவதையும் தாக்கும் வேறுபாடு ஈடாவதே இல்லை.

பேசிக்கொள்ளும் ஃபிளாப்புகள் பக்கத்தில் இருந்தால் ஒரே கடைசிக் கிளைக்குக் கீழே கொண்டுவாருங்கள். தூரத்தில் இருந்தால் அது நடக்காது. சரி, அப்போது டேட்டா பாதையில் ஒரு டிலே பஃபர் போட்டுவிட்டு, மெதுவான கார்னரில் செட்டப் தாங்குகிறதா என்று பாருங்கள்.