நிலவில் இறங்குவதை விட செவ்வாயில் இறங்க டெல்டா-வி குறைவா?

"நிலா பக்கத்தில்தானே இருக்கு, பிறகு ஏன் செவ்வாயில் இறங்க டெல்டா-வி குறைவு என்கிறார்கள்?"

விண்வெளியில் செலவு தூரத்துக்கு அல்ல, வேகத்தை மாற்றுவதற்கு. அப்படி மாற்ற வேண்டிய மொத்த வேகம்தான் டெல்டா-வி. பூமியின் தாழ்சுற்றுப்பாதையின் 400 கிலோமீட்டர் உயரம், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற தூரம்தான். ஆனால் அங்கே போய்ச் சுற்ற, செக்கனுக்குச் சுமார் 9.4 கிலோமீட்டர் டெல்டா-வி வேண்டும்.

அங்கிருந்து கணக்கைப் பார்ப்போம், எல்லாம் செக்கனுக்குக் கிலோமீட்டரில். நிலவை நோக்கிக் கிளம்ப 3.1, நிலவைச் சுற்ற 0.9, இறங்க 1.9, ஆக ஏறக்குறைய 6. நிலவில் காற்றில்லை, எனவே கடைசி மீட்டர் வரை எஞ்சின்தான் வேகத்தைக் குறைக்கணும். செவ்வாய்க்குக் கிளம்ப, பூமியும் செவ்வாயும் சாதகமாக அமையும் காலத்தில், சுமார் 3.6 போதும். அங்கே வளிமண்டலம் இருப்பதால் வெப்பக்கவசமும் பரசூட்டும் பெரும்பாலான வேகத்தை விழுங்கிவிடும். கடைசியில் கொஞ்சம் எரிபொருள் போதும்.

இந்த வித்தியாசம் சின்னதில்லை. எரிந்த வாயு செக்கனுக்கு 3.2 கிலோமீட்டரில் வெளியேறும் எஞ்சின் என்றால், 1 தொன் போய்ச் சேர, நிலவுக்குக் கிளம்பும்போது 6.5 தொன் வேண்டும். செவ்வாய்க்கு, அந்தக் கடைசி எரிபொருளைச் சேர்க்காமல், 3 தொன் அளவு.

ஆனால் திரும்பி வருவதென்றால் கதை மாறும்: நிலவிலிருந்து சுமார் 2.7, செவ்வாயிலிருந்து சுமார் 6.