முகம் மட்டும் ஏன் சிவக்கிறது?

தோட்டத்துக் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறேன். புது மானிட்டரில் பொண்ணு மாப்பிள்ளை முகமெல்லாம் ஒரே சிவப்பு. சிவப்பைக் குறைத்து ஆல்பத்துக்கு அனுப்பினேன். வந்த ஆல்பத்தில் முகங்கள் வெளிறிப் பச்சையடிக்கின்றன. லேப்பை மாற்றவா, ஐயா?
— சுங்கை சிப்புட்

லேப்பின் மீது தவறில்லை, தம்பி. திரை தவறாகக் காட்டியது, நீங்கள் படத்தைத் திருத்திவிட்டீர்கள். இந்தப் பக்கத்து ஸ்டூடியோக்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு குடும்பத்தின் கல்யாண ஆல்பம் இப்படிக் கெடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

படக்கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் இருக்கும். மாப்பிள்ளை நெற்றியில் ஒரு புள்ளி சிவப்பு 200, பச்சை 150, நீலம் 120 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்கள் sRGB என்ற வண்ண அளவின்படி எழுதப்பட்டவை. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த அளவு அது. பெரும்பாலான லேப்கள் இன்றும் அதைத்தான் எதிர்பார்க்கின்றன. உங்கள் மானிட்டரோ DCI-P3 என்ற அகன்ற வண்ண அளவை ஒட்டியது, அதன் சிவப்பு இன்னும் அழுத்தமானது. அதே நெற்றி அதில் சரியாகத் தெரிய வேண்டுமானால் சுமார் 192, 152, 124 என்று மாற்றி அனுப்ப வேண்டும். மாற்றாமல் 200, 150, 120 அப்படியே போனால், சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே 40 இருக்க வேண்டிய இடத்தில் 50 நிற்கிறது. கூறைப்புடவையும்தான் அழுத்தமாகிறது, ஆனால் புடவை கூடுதலாகச் சிவந்தால் யாருக்கும் உறுத்தாது. முகம் சிவந்தால் உடனே கண்ணில் படும்.

இது அந்தக் கோளாறுதானா என்று எளிதாகப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் திறங்கள். சாம்பல் சாம்பலாகவே இருந்து, வண்ணப் படத்தில் மட்டும் முகம் சிவந்தால் இந்த அளவுச் சிக்கல்தான். சாம்பலிலும் சிவப்பு ஏறியிருந்தால் காரணம் வேறு: திரையின் வெண்மை அமைப்பு சரியில்லை.

சரி, திருத்தம். மானிட்டரின் பொத்தானை அழுத்தி, வண்ண மெனுவில் sRGB முறையைத் தேர்ந்தெடுங்கள். பலருக்கு அதுவே போதும். நான் முன்பு வாங்கிய ஒரு மானிட்டரில் இந்த முறைக்குப் போனால் வெளிச்சம் ஒரே அளவில் பூட்டிக்கொள்ளும், இரவில் கண் வலிக்கும். அதனால் கடையிலேயே அந்த முறையைப் போட்டு, வெளிச்சம் கூடிக் குறைகிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. மானிட்டரை அதன் முழு வண்ண முறையிலேயே விட்டு, அளவிடும் கருவியால் அளந்து, அந்தத் திரையின் நிறங்களைச் சொல்லும் புரொஃபைலை விண்டோஸில் போடலாம். ஃபோட்டோஷாப் அதைப் படித்து எண்களைத் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் புரொஃபைலைப் படிக்காத பழைய படம் பார்க்கும் செயலிகளில் முகம் சிவந்தேதான் இருக்கும். இரண்டு வழியையும் ஒன்றாகச் செய்யாதீர்கள். திருத்தம் இரண்டு தடவை விழுந்து, ஃபோட்டோஷாப்பில் முகம் சோகை பிடித்ததுபோல் தெரியும்.

அப்புறம் அந்த ஆல்பம். திருத்திய கோப்புகளை விட்டுவிடுங்கள். மூலப்படத்திலிருந்து மறுபடி தொடங்கி, ஃபோட்டோஷாப்பின் Convert to Profile மூலம் sRGB ஆக்கி, புரொஃபைலைக் கோப்போடு சேர்த்துச் சேமியுங்கள். பக்கத்திலேயே இருக்கும் Assign Profile வேண்டாம். அது எண்களைத் தொடாமல் அளவின் பெயரை மட்டும் மாற்றும், நிறம் மறுபடி புரண்டுவிடும். முதலில் ஒரே ஒரு படத்தை அச்சடித்து, திரையோடு ஒப்பிட்டுவிட்டு மிச்சத்தை அனுப்புங்கள்.

டிவியில் செய்தி வாசிப்பவர் முகம் சிவந்து கிடக்கிறது. பேனல் போய்விட்டதா?
— பீடோர்

இல்லை. பட அமைப்பில் Color Space என்பது Native என்றிருந்தால் Auto ஆக்குங்கள், Vivid முறையையும் விடுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் விலை மட்டும் பார்த்து வாங்கிய மானிட்டர். பொழுது சாய்ந்தால் வெள்ளைப் பக்கம்கூடச் சிவக்கிறது. மாற்றித் தருவார்களா?
— கோலகங்சார்

எதை மாற்ற? விண்டோஸில் Night light ஓடுகிறது, அணையுங்கள். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் அமைப்புகளை ஒரு தடவையாவது திறந்து பாருங்கள்.

'அகன்ற வண்ணம், 100%' என்று விளம்பரம் பார்த்து 900 ரிங்கிட் கொடுத்தேன். பெட்டிக்குள் இருந்த தாளில் 72% NTSC என்றிருக்கிறது. கேட்டால் கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்.
— சுங்கை சிப்புட்

இரண்டும் ஒன்றல்ல, அம்மா. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். NTSC என்பது பழைய டிவி வண்ண அளவு, அதில் 72% என்பது ஏறக்குறைய சாதாரண sRGB பரப்புதான். அவர் சொல்லும் 100% அந்த sRGBக்கு நூறாக இருக்கலாம், அதை அகன்ற வண்ணம் என்று விற்கக் கூடாது.

விளம்பரத்தைப் படம்பிடித்து வையுங்கள், ரசீதையும் தாளையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை அங்கே எடுப்பார்கள், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். பாரம் 1 நிரப்பும்போது எந்த வாசகத்தை நம்பி வாங்கினீர்கள் என்பதை விளம்பரத்தில் இருந்தபடியே எழுதுங்கள்.